பூரிக்கு ஒரு பி, போண்டாவுக்கு ஒரு பி

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'பஸ்', 'பென்', 'பன்', 'பெல்' என்று நாலு ஆங்கிலச் சொல்லைச் சொல்லி எழுதச் சொன்னால், எங்கள் பள்ளியில் பாதிப் பேர் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் 'பி' என்று நாம் சொல்லும் எழுத்து இரண்டு இருக்கிறது. ஏ, பி, சி வரிசையில் இரண்டாவதாக நிற்பது ஒன்று, ஓ-வுக்கு அடுத்து வருவது இன்னொன்று. பஸ்ஸுக்கு எந்தப் பி, பென்னுக்கு எந்தப் பி என்பது பிள்ளைகளுக்குக் குழப்பம். மனப்பாடமாக ஸ்பெல்லிங் சொல்லும் பிள்ளை தப்பித்துக்கொள்ளும், புதுச் சொல் வந்தால் அதுவும் நின்றுவிடும்.

நான் வேலை பார்ப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி. சுற்றிலும் கடலைக் கொல்லையும் தைலமரக் காடும். வீட்டில், தெருவில், கோயிலில் எல்லாம் தமிழ்தான். ஆங்கிலம் பேசும் மனிதரைப் பிள்ளைகள் டிவியில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒன்றிலிருந்து மூன்று வரை ஒரே அறையில் உட்காருவார்கள். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறோம். இந்தப் பாடத்தை நான் வடிவமைத்தது மொட்டு நிலைப் பிள்ளைகளுக்காக. தமிழில் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்கள், ஆங்கிலத்தில் எழுத்துகளின் பேர் தெரியும், சொல்லாகச் சேர்த்து வாசிக்க வராது. நாற்பது நிமிடப் பாடம். இரண்டு பி-யையும் காதால் பிரிப்பது, கண்ணால் பிரிப்பது, அதை வைத்து நாலைந்து சொல் வாசிப்பது, இவ்வளவுதான் நோக்கம்.

வடிவமைக்க உட்காருமுன் பிள்ளைகள் பேசுவதை உன்னிப்பாகக் கேட்டேன். 'பஸ்ஸு வந்துருச்சு டீச்சர்' என்று சொல்லும்போது பஸ்ஸில் வருகிற ஒலி அழகாக, சரியாகத்தான் வருகிறது. 'பென்னு தொலைஞ்சு போச்சு' என்பதில் வருவதும் சரி. இரண்டையும் மாற்றிச் சொல்வதே இல்லை. ஆகவே இவர்களுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாய்க்குத் தெரிந்த வித்தியாசத்தைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை, அதனால் காது அதை ஒரு வித்தியாசமாகக் கணக்கில் எடுப்பதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தமிழுக்கு அந்த வித்தியாசத்தை எழுதிக் காட்ட வேண்டிய தேவை இல்லை. வல்லின எழுத்து சொல்லில் எங்கே நிற்கிறது என்பதே ஒலியை முடிவு செய்துவிடும். 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் ப ஒரு மாதிரி, ம்-க்கு அடுத்து வரும் ப வேறு மாதிரி. ஒருவரும் நமக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் மாற்றிச் சொல்வதும் இல்லை. வெளியிலிருந்து வந்த சொற்களில்தான் அந்த இரண்டாவது ஒலி சொல்லின் தொடக்கத்துக்கு வந்து நிற்கிறது: பொம்மை, பயம், பூமி, பஜ்ஜி, பஸ். எழுத்து ஒன்றே என்பதால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே ஒலி என்றே மனதில் பதிந்திருக்கும். தமிழ் வாசிப்பு நன்றாக வரும் பிள்ளைக்கு இது இன்னும் அழுத்தமாகப் பதிந்திருக்கும். எங்கள் வகுப்பில் தமிழ்ப் புத்தகத்தைக் கடகடவென்று படிக்கும் ஒரு பெண் பிள்ளை, 'ரெண்டும் ப தானே டீச்சர், ஏன் ரெண்டு எழுத்து?' என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பாடம் முழுவதையும் அமைத்தேன்.

முதல் முடிவு, ஆங்கில எழுத்தைக் காட்டாமல் ஆரம்பிப்பது. காது பழகிய பிறகுதான் கண்ணுக்கு வேலை. அதற்குத் தமிழ்ச் சொற்களே போதும். எந்தச் சொற்கள் என்று யோசித்தபோது கிடைத்தது டீக்கடை. பூரி, பொங்கல், பணியாரம், பக்கோடா ஒரு பக்கம். பஜ்ஜி, போண்டா, பன், பிஸ்கட், பிரியாணி இன்னொரு பக்கம். எல்லாமே தமிழில் 'ப' வரிசையில் தொடங்குபவை. எல்லாமே பிள்ளைகள் தினமும் சொல்பவை, தின்பவை. படம் வரைவதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கம் நல்ல கனமான அட்டையாக இருந்தது.

வகுப்பில் இரண்டு எவர்சில்வர் தட்டை நடுவில் வைத்தேன். ஒன்றில் பூரி படம், இன்னொன்றில் போண்டா படம். 'நான் ஒரு பலகாரம் சொல்லுவேன். அது பூரி மாதிரி ஆரம்பிக்குதா, போண்டா மாதிரி ஆரம்பிக்குதான்னு சொல்லணும்.' இப்படிச் சொன்னதும் பிள்ளைகள் முதலில் ருசியையும் உருவத்தையும் வைத்துத்தான் பிரித்தார்கள். பக்கோடா எண்ணெயில் பொரிப்பது, அதனால் போண்டாவோடு என்றான் ஒருவன். பணியாரம் உருண்டை, அதுவும் போண்டாவோடு. இது எதிர்பார்க்க வேண்டியதே. சின்னப் பிள்ளைக்குச் சொல் என்றால் பொருள்தான், ஒலியைத் தனியாகக் கழற்றிப் பார்ப்பது புது வேலை. அதனால் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சொல்லை மட்டும் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்ல வைத்தேன்: பூரி பொங்கல், பூரி பணியாரம், போண்டா பஜ்ஜி, போண்டா பிஸ்கட். பிறகு கலந்து: போண்டா பொங்கல். அந்த இடத்தில் நாலைந்து முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. வாயில் ஏதோ மாறுகிறது என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தார்கள்.

உதட்டில் மாறுவது ஒன்றுமில்லை. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. மாறுவது தொண்டை. இங்கே ஆங்கிலப் பயிற்சிக் கையேடுகளில் இருக்கும் ஒரு சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பார்க்கச் சொல்வார்கள். பென்னுக்குக் காகிதம் ஆடும், பன்னுக்கு ஆடாது என்பது கணக்கு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் அந்த முதல் ஒலியை ஒரு காற்றோடு தள்ளிச் சொல்வதால் அவர்களுக்கு ஆடும். நம் 'ப'வில் அந்தக் காற்று இல்லை. நம் பிள்ளைகள் பூரி என்றாலும் காகிதம் பெரிதாக அசையாது, போண்டா என்றாலும் அசையாது. இந்தச் சோதனையை வகுப்புக்குக் கொண்டுபோகவே வேண்டாம், பிள்ளை குழம்பிப்போகும்.

தொண்டையில் கை வைத்துப் பார்க்கும் சோதனையும் அப்படியே செய்தால் வேலைக்காகாது. பூரி என்று முழுதாகச் சொன்னால் 'ஊ' வந்தவுடன் தொண்டை அதிரும். போண்டாவுக்கும் அதிரும். இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் இருப்பது உயிர் ஒலிக்கு முன்னால், உதடு மூடியிருக்கும் அந்தக் கண நேரத்தில் மட்டும்தான். அதைப் பிடிக்க நான் வைத்துக்கொண்ட வழி, இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொள்வது. 'காதை அடைச்சுக்கோ. போண்டான்னு சொல்லப் போற, ஆனா வாயைத் திறக்காதே. உதடு மூடியே இருக்கட்டும். இப்ப மெதுவா ஆரம்பி.' காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்கும். அப்புறம் வாயைத் திறந்தால் போண்டா. பூரிக்கு அதையே செய்தால், உதடு மூடியிருக்கும் வரை உள்ளே ஒரு சத்தமும் கிடையாது. திறந்த பிறகுதான் சத்தம். ஒரு பையன் காதை அடைத்துக்கொண்டு பூரி, போண்டா, பூரி, போண்டா என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு, 'போண்டா உள்ளயே கத்துது டீச்சர்' என்றான். அதற்குப் பிறகு வகுப்பில் அதற்கு அதுவே பேர்: உள்ளே கத்துகிற ப, கத்தாத ப.

கவனிக்க வேண்டியது ஒன்று. சில பிள்ளைகள் உதட்டை மூடிக்கொண்டு 'ம்' என்று முனகிவிட்டு, அதைத்தான் ரீங்காரம் என்று சொல்வார்கள். மூக்கைப் பிடித்தால் தெரிந்துவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம்' சொல்ல முடியாது, போண்டாவின் முதல் ஒலியைக் கொஞ்ச நேரம் சொல்ல முடியும். எங்கள் வகுப்பில் எல்லோரும் மூக்கையும் காதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, சத்துணவு ஆயா வாசலில் நின்று சிரித்தார்.

இதற்குப் பிறகு தட்டுகளில் பிரிப்பது வேகமாக நடந்தது. பலகாரம் முடிந்ததும் மற்றவை: பூனை, பொம்மை, பல்லி, பலூன், பாட்டி, பயம். அதற்கும் அப்புறம், பிள்ளைகள் தமிழ் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் ஆங்கிலச் சொற்கள்: பக்கெட், பாக்கெட், பைக், பைப், பவுடர், பெல்ட், பெஞ்ச், பென்சில். இந்தப் பட்டியலை யார் தயாரித்தாலும் முதலில் ஒவ்வொன்றையும் தன் வாயால் சொல்லிப் பார்த்துச் சேர்க்க வேண்டும். பம்ப் செட்டை நான் சேர்க்கவில்லை. தொடக்கத்தில் அது பூரிதான், ஆனால் நாம் பேசும்போது கடைசி ஒலி பாம்பில் வருவதுபோல உள்ளே கத்தும். ஆங்கில எழுத்தில் அங்கேயும் பூரிக்கு உரிய பி-தான், ஓ-வுக்கு அடுத்து வருவது. ம்-க்கு அடுத்து வந்தால் தமிழ் வாய் அப்படித்தான் மாற்றும். ஸ்டாம்ப், கேம்ப் எல்லாமே இந்த வகை. இதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், இந்தப் பாடத்தில் நுழைத்தால் இதுவரை கட்டியதைக் கலைத்துவிடும். ஃபேன், ஃபோன் இரண்டையும் அதேபோல விட்டேன். கிராமத்தில் பலர் ஃபேனைப் 'பேனு' என்றே சொல்வார்கள், பிள்ளை அதைப் பூரித் தட்டில்தான் வைக்கும். அப்படி ஒரு பிள்ளை கேட்கவும் செய்தது. 'அதுக்கு வேற தட்டு இருக்கு, அப்புறம் பார்ப்போம்' என்று சொல்லி ஓரமாக ஒரு மூன்றாவது அட்டையில் எழுதி வைத்தேன். தப்பு என்று சொல்லவில்லை, ஏனென்றால் அந்தப் பிள்ளையின் வாயில் அது நிஜமாகவே பூரிதான்.

இன்னொரு பையன் வேறு மாதிரி. அவனுக்கு இரண்டு தட்டும் ஒன்றாகவே கேட்டது. பக்கத்தில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது. அவன் பஜ்ஜியையும் பூரியின் ப-வில்தான் சொன்னான், பயத்தையும் அப்படியே. வீட்டில் அவனை வளர்ப்பது அப்பாயி, அவர் பேச்சு அப்படி. சில வீடுகளில் வெளிச்சொற்களின் முதல் ஒலியைத் தமிழ் முறைக்கு மாற்றித்தான் சொல்வார்கள். அது பிழை அல்ல, அவர்கள் தமிழ் அது. ஆனால் டீக்கடை விளையாட்டு இவனுக்கு உதவாது. இவனுக்கு அந்த ஒலி இருக்கும் இடம் சொல்லின் நடுவில். 'தம்பி'ன்னு சொல்லு என்றேன். சொன்னான். 'தம்... பி', நடுவில் நிறுத்திச் சொல் என்றேன். பிறகு 'த'வை விட்டுவிட்டு 'ம்பி'. பிறகு 'ம்'மை மனதுக்குள் சொல்லி 'பி'யை மட்டும் வெளியே. மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ உள்ளே கத்தும் ப தனியாக வந்துவிட்டது. அடுத்து 'ம்போண்டா', 'ம்பஸ்', அப்புறம் ம்-மை விட்டு பஸ். கொஞ்ச நாளைக்கு அவன் சொல்லும்போது அந்த ம் லேசாக ஒட்டிக்கொண்டு வந்தது. அவசரப்படுத்தவில்லை, தானாகவே உதிர்ந்தது.

இவ்வளவும் ஆன பிறகுதான் எழுத்து. இரண்டுக்கும் பேர் ஒன்றாக ஒலிப்பதால் வகுப்புக்கென்று பேர் வைத்தோம்: ஓ-வுக்கு அடுத்து வருவது பூரி-பி, ஏ-வுக்கு அடுத்து வருவது போண்டா-பி. பெரிய எழுத்தில் பூரி-பி-க்கு ஒரு வட்டம், போண்டா-பி-க்கு இரண்டு வட்டம். ஒரு பூரி, இரண்டு போண்டா என்று பிள்ளைகள் அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். தட்டில் வைப்பதுபோலக் கரும்பலகையில் கம்பு வரைந்து வட்டத்தைப் பக்கத்தில் ஒட்டினார்கள்.

சிறிய எழுத்துதான் ஆபத்து. போண்டா-பி-யின் சிறிய வடிவத்துக்கும் சி-க்கு அடுத்து வரும் டி-யின் சிறிய வடிவத்துக்கும் வித்தியாசம் வட்டம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான். தமிழ் எழுத்தில் இடவலமாகத் திருப்பினால் இன்னோர் எழுத்தாகிவிடும் ஜோடிகள் கிடையாது, அதனால் பக்கம் பார்த்துப் படிக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இல்லை. எனவே அந்த டி எழுத்தை இந்தப் பாடத்தில் தொடவே இல்லை. படுக்கையைக் குறிக்கும் 'பெட்' என்ற சொல் எவ்வளவு வசதியாக இருந்தாலும் வாசிப்புப் பட்டியலில் அதற்கு இடமில்லை, அதில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. பக்கம் மாறாமல் இருக்க ஒரு வழி வைத்தேன். சிலேட்டில் முதலில் பெரிய போண்டா-பி எழுத வேண்டும். பிறகு மேல் போண்டாவை விரலால் அழித்துவிட வேண்டும். கம்பும் கீழ் போண்டாவும் மீதி இருக்கும், அதுதான் சிறிய எழுத்து. பெரிய எழுத்தில் வட்டம் ஒருபோதும் இடப்பக்கம் போகாது, அதனால் சிறியதும் திரும்பாது. நோட்டில் எழுதும்போது சந்தேகம் வந்தால் பிள்ளைகள் காற்றில் பெரிய எழுத்தை எழுதி மேலே அழிப்பதைப் பார்க்கலாம். பூரி-பி-க்கு அழிக்க ஒன்றுமில்லை, அப்படியே கீழே இறக்க வேண்டும். நாலு கோடு நோட்டில் போண்டா-பி-யின் கம்பு மேல்கோட்டைத் தொடும், பூரி-பி-யின் கம்பு கீழ்க்கோட்டுக்கு இறங்கும். அதைச் சிலேட்டில் காட்ட முடியாது, நோட்டில்தான் பழக்க வேண்டும்.

வாசிப்புக்கு நான் எடுத்துக்கொண்டவை மிகக் குறைவு. உயிர் ஒலிக்கு இ, எ, அ ஆகிய மூன்றின் எழுத்துகள், முடிவுக்கு எஸ், என், டி (டீக்கடை டீயின் எழுத்து). பஸ்ஸில் வரும் அ-வுக்கு யு எழுத்து என்பது பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். 'பேட்', 'பேக்' போன்றவற்றில் வரும் ஒலி தமிழில் இல்லாதது, அதை ஏ-வா அ-வா என்று பிள்ளை திண்டாடும். ஒரு பாடத்தில் ஒரு திண்டாட்டம் போதும் என்பது என் எண்ணம். ஆக, கிடைத்த சொற்கள்: பஸ், பன், பென், பின். அத்தனையும் வாயில் ஏற்கனவே இருப்பவை.

சேர்த்து வாசிப்பதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ப் + எ = பெ என்பது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோலத் தெரியும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைத் தமிழ் வகுப்பில் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் பி-ஈ-என் என்று எழுத்தின் பேரைச் சொல்லிவிட்டுப் 'பென்' என்று முடிக்கச் சொல்கிறோம். பேரைச் சேர்த்தால் 'பீயென்' வருமே தவிர பென் வராது. அதனால் பேரை விட்டு ஒலியைச் சொல்லச் சொன்னேன். உடனே வேறொன்று முளைத்தது. மெய்யெழுத்தைத் தனியே சொல்லும்போது நம் பிள்ளைகள் இக், இங், இச் என்று முன்னால் ஓர் இ சேர்த்துத்தான் சொல்வார்கள். அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். 'இப்-எ-ன்' என்றார்கள். அது மட்டுமல்ல, 'இப்' என்று சொல்லும்போது எப்போதும் பூரிதான் வருகிறது, போண்டா வருவதில்லை. ஆகவே முதல் மெய்யைத் தனியாகச் சொல்வதையே எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக உயிர்மெய் வரிசை. பூரி வரிசையில் ப, பி, பெ. போண்டா வரிசையில் ப, பி, பெ. கரும்பலகையில் ஆங்கில எழுத்தில் இரண்டு வரிசையாக எழுதி, குச்சியால் மாற்றி மாற்றித் தொட்டேன். இதில் மொட்டுப் பிள்ளைகள் பிரமாதமாக வந்தார்கள், ஏனென்றால் இது அவர்களுக்குத் தெரிந்த வேலை. வரிசை மனதில் நின்ற பிறகு, பின்னால் ஒரு மெய் சேர்ப்பதுதான் பாக்கி. பெ, பென். ப, பஸ். இரண்டே துண்டு. மூன்று துண்டாக உடைத்துச் சேர்ப்பதைவிட இது எங்கள் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வருகிறது.

கடைசி மெய்யில் ஓர் உ ஒட்டிக்கொள்ளும்: பஸ்ஸு, பென்னு, பன்னு. பேச்சில் அது இருக்கட்டும், ஊரே அப்படித்தான் பேசுகிறது. ஆனால் நோட்டில் பென்னின் கடைசியில் ஒரு யு எழுத்து முளைத்தால், பிள்ளை பேச்சை அப்படியே எழுதுகிறது என்று அர்த்தம். தமிழில்போல மெய்க்குத் தலையில் புள்ளி வைத்துக் காட்டலாமே என்று தோன்றும். ஆங்கிலத்தில் ஐ-யின் சிறிய எழுத்துக்குத் தலையில் புள்ளி உண்டு, இரண்டும் கலந்துவிடும். அதனால் கையைப் பயன்படுத்தினேன். 'பெ' என்னும்போது உள்ளங்கை விரிந்திருக்கும், 'ன்' என்னும்போது கை மூடிவிடும். மூடிய கைக்குப் பின் சத்தம் வரக்கூடாது. பிள்ளைகள் இதை விரும்பிச் செய்தார்கள். சிலர் மூடிய கையைத் திறக்கும்போது 'உ' என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள், அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கடைசி ஐந்து நிமிடம் சோதனை. ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு அட்டை, ஒன்றில் பூரி-பி, ஒன்றில் போண்டா-பி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டு அட்டையைத் தூக்க வேண்டும். கண்ணை மூடாவிட்டால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தூக்குவார்கள், அதில் நமக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த சொற்களில் ஆரம்பித்து, 'பஸ் பாஸ்' என்றேன். அண்ணன் அக்காவிடம் பார்த்த இலவசப் பஸ் பாஸ் எல்லோருக்கும் தெரியும். முதலில் போண்டா, அப்புறம் பூரி என்று இரண்டு அட்டையும் வரிசையாக மேலே போக வேண்டும். பெரும்பாலானோர் சரியாகத் தூக்கினார்கள்.

ஆனால் தெரிந்த சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உண்மையான சோதனை அர்த்தம் தெரியாத சொல்லில்தான். டீயின் எழுத்தில் முடியும் 'பிட்', 'பெட்' என்ற இரண்டையும், பூரியாக ஒரு முறை, போண்டாவாக ஒரு முறை சொன்னேன். அவற்றுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வகையிலும் பொருள் உண்டு, பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. இங்கே சொல்லிக்கொடுப்பவர் வாய் சுத்தமாக இருக்க வேண்டும். நாமே சில நேரம் இரண்டையும் நடுவில் சொல்லிவிடுவோம். முந்தின நாள் ஃபோனில் பதிவு செய்து, வீட்டில் ஒருவரை அட்டை தூக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது. தெரியாத சொல்லில் காதால் பிரிப்பது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. அதையே எழுத்தில் காட்டி வாசிக்கச் சொன்னால் வேகம் பாதியானது. ஒலியும் எழுத்தும் ஒட்டுவதற்கு இன்னும் நாள் வேண்டும், ஒரு வகுப்பில் நடக்காது. தினமும் காலையில் வரிசையை ஒரு தடவை ஓட்டுவது, சிலேட்டில் நாலு சொல், இவ்வளவை மட்டும் தொடர்ந்தேன். இதைச் செய்யாமல் விட்டால் வார விடுமுறைக்குப் பிறகு போண்டா எல்லாம் மறுபடி பூரியாகிவிடும்.

பாடம் மனதில் நின்றதா என்று பார்க்க நான் நம்பும் அடையாளம் தேர்வு அல்ல, பிள்ளை தானாக எழுதும் இடம். அந்தப் 'ரெண்டும் ப தானே' பெண் பிள்ளை தன் பென்சில் டப்பாவின் மேல் தமிழில் பேரும், கீழே ஆங்கிலத்தில் 'பென்' என்றும் எழுதி ஒட்டியிருந்தாள். பூரி-பி, எ, ன், மூன்று எழுத்தும் சரி, கடைசியில் யு இல்லை. யாரும் எழுதச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவனின் பையில் 'பஸ்' என்று இருந்தது. எழுத்து சரி, எஸ் மட்டும் திரும்பி நின்றது. அதற்கும் ஒரு பாடம் வேண்டும்.

அடுத்த ஜோடியையும் இதே அமைப்பில் தயாரித்து வைத்திருக்கிறேன். தமிழில் 'ட' ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு. டீ, டம்ளர், டிபன் ஒரு தட்டில், டப்பா, டாக்டர், டிரைவர் இன்னொரு தட்டில். காதை அடைத்துப் பார்த்தால் டப்பா உள்ளே கத்தும், டீ கத்தாது. அதற்கும் அடுத்து க: காபி ஒரு தட்டு, கோலி குண்டு ஒரு தட்டு. டப்பாவின் எழுத்துதான் போண்டா-பி-க்குத் திரும்பிய வடிவம் என்பதால், சிலேட்டில் மேல் போண்டாவை அழிக்காமலே சிறிய எழுத்தை நேராக எழுதும் அளவுக்குப் பிள்ளைகள் வந்த பிறகுதான் டப்பாவைத் திறப்பதாக இருக்கிறேன். அதுவரை காதுக்கு மட்டும் டீக்கடை நடக்கும், கரும்பலகைக்கு அந்த எழுத்து வராது.